மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது: முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு திட்டம்

மகப்பேறு விடுப்பு முடியும் நாளை நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் எதிர்கொள்கிறோம்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? உம்மாவா, மாமியாரா, காப்பகமா என்று பேசி முடிவானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்தச் சகோதரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் மேசைக்கு எவ்வளவு வேலை வரப்போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விடுப்புக்கு முன் செய்த அதே அளவு வேலை, அத்துடன் ஆறு மாதம் தேங்கிய வேலை, இரண்டும் முதல் நாளே சேர்ந்து வந்துவிடுகின்றன. மூன்றாவது மாதத்தில் அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும்போது, "குழந்தையை விட்டுவிட்டு இருக்க முடியவில்லையாம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பல நேரங்களில் காரணம் குழந்தை அல்ல. திரும்பி வந்த விதம்தான் காரணம்.

வேலையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு திட்டத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் இதைத் தவிர்க்க முடியும். அது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

சட்டம் எதுவரை வருகிறது?

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்கு அதே 26 வாரத்துக்கான பணம் இஎஸ்ஐ மூலம் வருகிறது. இந்த உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 8 வாரத்தையும் முன்பே எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு 18 வாரம்தான், அதாவது நான்கு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் காலத்தின் நடுவிலேயே தாய் வெளியே போக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மூன்றாவது பிரசவத்துக்கு 12 வாரம் மட்டுமே விடுப்பு. அதில் 6 வாரம் வரைதான் முன்பே எடுக்கலாம். அப்போது கைக்குழந்தை இரண்டு மாதம் ஆகும் முன்பேகூடத் திரும்ப வேண்டிவரும். நம் குடும்பங்களில் இது அரிதான நிலை அல்ல.

திரும்பிய பிறகு சட்டம் தருபவை மூன்று. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட காலம் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம்.

இதற்கு மேல் சட்டம் வருவதில்லை. "முதல் மாதம் அரை நாள் வேலை" என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆகவே படிப்படியான திரும்புதல் என்பது கேட்டு, பேசி, எழுத்தில் வாங்க வேண்டிய ஏற்பாடு.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது

இந்த ஏற்பாட்டைக் கேட்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. "முதல் மாதம் மதியமே கிளம்பிவிடுகிறேன்" என்று மட்டும் கேட்கிறார்கள். மேலாளரும் நல்ல மனதோடு சம்மதிக்கிறார். ஆனால் எட்டு மணி நேரத்து வேலை அப்படியே இருக்கிறது. அதை நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அல்லது இரவு குழந்தை தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறக்க வேண்டும். விடுப்புக் கணக்கில் அரை நாள் கழிந்திருக்கும், வேலையோ முழு நாள் செய்திருப்பார்.

அதனால் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது வேலைப் பட்டியல். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள், குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டியவை ஒரு பக்கம். பாதியில் நிறுத்திவிட்டு நாளை தொடரக்கூடியவை இன்னொரு பக்கம். முதல் வாரங்களுக்கு இரண்டாவது வகை மட்டுமே வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலையாக அது இருக்க வேண்டும்.

முதல் வகை வேலைகளை அதுவரை யார் செய்வது? விடுப்புக் காலத்தில் அவருக்குப் பதிலாகச் செய்தவர்தான். சகோதரி திரும்பிய அன்றே அந்த மாற்று ஆளை அனுப்பிவிட்டால் எந்தத் திட்டமும் நிற்காது. நிறுவனத்துக்கு உண்மையான செலவு இந்த சில வாரச் சம்பளம்தான். புதிதாக ஒருவரைத் தேடி எடுத்துப் பழக்குவதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை என்பதை மேலாளரிடம் சொல்லலாம்.

ஒரு சகோதரியின் ஆறு வாரம்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் சகோதரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு பல்லாவரத்தில். மின்சார ரயிலில் போய்வர, காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே விடுப்பில் போனதால், விடுப்பு முடிந்த 12-ஆம் தேதி குழந்தைக்கு 22 வாரம். அவர் கணக்கில் 18 நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தது.

அவர் செய்த முதல் காரியம், திரும்பும் தேதியை மாற்றியது. 13-ஆம் தேதி திங்கள்கிழமை சேர்ந்திருந்தால், கணக்குப் பிரிவின் நெருக்கடியான வாரத்தில் போய் விழுந்திருப்பார். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. ஆகவே 7 நாள் ஈட்டிய விடுப்பு எடுத்து, 22-ஆம் தேதி புதன்கிழமை சேர்ந்தார். 20-ஆம் தேதி கடந்துவிட்டது. வாரத்தின் நடுவில் சேர்ந்ததால் முதல் வாரம் மூன்றே நாள்.

மீதி 11 நாள் விடுப்பை அரை நாட்களாகப் பிரித்துக்கொண்டார். அரை நாள் என்றால் காலை 9.30 முதல் 1.30 வரை. விடுப்பிலிருந்து கழிவதால் சம்பளம் குறையாது. அவர் எழுதிக் கொடுத்த திட்டம் இது:

முதல் வாரம், மூன்று அரை நாட்கள். பில் எதுவும் போடுவதில்லை. மாற்று ஆளோடு உட்கார்ந்து, ஆறு மாதத்தில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்வது, கடவுச்சொற்களைப் புதுப்பிப்பது, பழைய மின்னஞ்சல்களில் இன்னும் உயிரோடு இருப்பவற்றை மட்டும் எடுத்து வைப்பது.

இரண்டாம் வாரம், ஐந்து அரை நாட்கள். ஒரே ஒரு வங்கிக் கணக்கின் வரவு செலவைச் சரிபார்ப்பது மட்டும்.

மூன்றாம் வாரம், திங்கள், புதன், வெள்ளி அரை நாள். மற்ற இரண்டும் முழு நாள். எல்லா வங்கிக் கணக்குகளும், சப்ளையர் பில்களில் மூன்றில் ஒரு பங்கும். டிடிஎஸ் மாற்று ஆளிடமே.

நான்காம் வாரம், இரண்டு அரை நாள். பில்கள் முழுவதும், சப்ளையர்களின் போன் அழைப்புகளும். ஜிஎஸ்டிஆர்-1 மாற்று ஆள் தயாரிக்க, இவர் சரிபார்ப்பார்.

ஐந்தாம் வாரம், புதன் மட்டும் அரை நாள். ஜிஎஸ்டிஆர்-3பி இவர் தயாரிக்க, மாற்று ஆள் சரிபார்ப்பார்.

ஆறாம் வாரம், முழு நேரம், முழு வேலை. மாற்று ஆள் விடைபெறுவார்.

கணக்குப் போட்டால் அரை நாட்களுக்கு மொத்தம் 7 நாள் விடுப்பு கழியும். தாமதமாகச் சேர எடுத்த 7 நாளோடு சேர்த்து 14. குழந்தையின் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் 4 நாள் கையில் இருக்கும். இந்த மிச்சம் முக்கியம். முழு விடுப்பையும் திட்டத்திலேயே செலவழித்தால் முதல் காய்ச்சலிலேயே சம்பளம் பிடிப்பார்கள்.

பால் எடுக்கும் நேரமும் திட்டத்தில் வர வேண்டும்

குழந்தையைப் பிரிந்திருக்கும்போது ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுத்துவிட வேண்டும். அரை நாளில் ஒருமுறை அல்லது இருமுறை, முழு நாளில் மூன்று முறை. சட்டம் தரும் இரண்டு இடைவேளைகளும் மதிய உணவு நேரமும் சேர்ந்தால் சரியாக மூன்று வருகிறது. ஆனால் "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் கிடைக்காது. 11 மணி, 1.30, 4.30 என்று நாட்காட்டியில் போட்டு, அந்த நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையும் கேட்க வேண்டும். தொழுகைக்கென ஒதுக்கிய அறை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். கழிப்பறை இதற்கான இடம் அல்ல.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அதை நம்ப முடியாது. அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்து, ஐஸ் பேக் போட்ட பையில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்; அந்தப் பையில் 24 மணி நேரம் வரை இருக்கலாம். வீட்டுக் குளிர்பெட்டியில், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் 4 நாள் வரை கொடுக்கலாம். ஒவ்வொன்றிலும் தேதி எழுதிவிட்டால் மாமியாருக்குக் குழப்பம் இருக்காது.

சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்கத்தைத் தொடங்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தை திடீரென்று பாட்டிலை ஏற்காது. சிறிய கிண்ணத்தாலோ நம் வீடுகளில் இருக்கும் பாலாடையாலோ புகட்டினால் பல குழந்தைகள் குடித்துவிடும். அதையும் தாய் வீட்டில் இல்லாத நேரத்தில், பாட்டி கையால் இரண்டு மூன்று நாள் ஒத்திகை பார்ப்பது நல்லது.

எங்கே சறுக்கும், எப்படித் தெரியும்?

நாம் சொன்ன சகோதரிக்கு மூன்றாம் வாரம் சறுக்கியது. ஆடிட்டர் சில விளக்கங்கள் கேட்டிருந்தார். "உங்களுக்குத்தான் பழைய விவரம் தெரியும், ஒரு மணி நேர வேலைதான்" என்று மேலாளர் அதை இவரிடம் கொடுத்தார். திங்களும் புதனும் அரை நாளுக்குப் பதில் நான்கு மணி வரை இருந்தார். முழு நாட்களான செவ்வாயும் வியாழனும் மூன்று முறைக்குப் பதில் ஒருமுறைதான் பால் எடுத்தார். வியாழன் இரவு மார்பில் கட்டி மாதிரி கனத்து வலித்தது. பையில் வந்த பாலும் பாதியாகியிருந்தது.

சோர்வாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால், "போகப்போகச் சரியாகிவிடும்" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. தினமும் மூன்று விஷயம் மட்டும் எழுதுவார்: அலுவலகத்தை விட்டுக் கிளம்பிய நேரம், பால் எடுத்த தடவை, தூங்கிய மணி நேரம். ஒவ்வொரு வெள்ளியும் மேலாளரோடு 15 நிமிடம் பேசுவது என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த வெள்ளி நோட்டை மேசையில் வைத்தார். "நான் மெதுவாகச் செய்வதால் நேரமாகவில்லை சார். பட்டியலில் இல்லாத வேலை வந்திருக்கிறது" என்றார்.

மேலாளருக்கு அது புரிந்தது. ஆடிட்டர் வேலை மாற்று ஆளுக்குப் போனது. இவர் பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் காட்டினார். அடுத்த வாரம் நான்காம் படிக்கு ஏறாமல் மூன்றாம் படியையே திரும்பச் செய்தார். அதற்கு ஒன்றரை நாள் விடுப்பு கூடுதலாகக் கழிந்து, கையில் இரண்டரை நாள் மிச்சமானது. எல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனதால் அந்த மாத ஜிஎஸ்டி முழுவதும் மாற்று ஆளே போட்டார். அவர் ஒரு வாரம் அதிகமாக இருந்ததுதான் நிறுவனத்துக்கு ஆன செலவு.

ஒரு படி அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் எளிது. இரண்டு நாள் தொடர்ந்து திட்டமிட்ட நேரத்தில் கிளம்ப முடியவில்லை என்றாலும், பால் எடுக்கும் தடவை குறைந்தாலும், அந்தப் படியிலேயே நிற்க வேண்டும் அல்லது ஒரு படி இறங்க வேண்டும். மார்பு கனத்தால் உடனே பாலை எடுத்துவிட வேண்டும். ஓரிடம் சிவந்து, வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் தொடர்ந்தால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். வேலையைக் குறைத்தால் மட்டும் அது தீராது.

வீட்டுக்கும் அதே திட்டம்

மதியம் இரண்டரைக்கு மருமகள் வீட்டுக்கு வந்தால், "சீக்கிரம் வந்துவிட்டாள், இரவு சமையலை அவளே பார்த்துக்கொள்வாள்" என்று நினைப்பது இயல்பு. அந்த அரை நாள் அவருடைய விடுப்புக் கணக்கிலிருந்து குழந்தைக்காகவும் உறக்கத்துக்காகவும் வாங்கியது. அலுவலகத்தில் குறைந்த வேலை அடுப்படியில் கூடினால் திட்டம் வீணாகிவிடும்.

ஆகவே மேலாளருக்குக் கொடுத்த அதே தாளை வீட்டிலும் காட்டுங்கள். அந்த ஆறு வாரமும் இரவுச் சமையல் யார், பாத்திரம் யார், இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எடுத்துப் பால் கொடுக்கத் தாயிடம் தந்து, பிறகு தட்டித் தூங்கவைப்பது யார் என்று கணவரோடும் மாமியாரோடும் பேசிவிடுங்கள். சேரும் நாட்கள் ரமளானில் வந்தால் இது இன்னும் அவசியம். நோன்பு தாய்க்கோ குழந்தைக்கோ பாதிப்பாகும் என்ற நிலையில், பாலூட்டும் தாய்க்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. அதை அவர் எடுத்துக்கொள்ளும்போது வீட்டில் யாரும் அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

நீண்ட நோய்க்குப் பிறகு திரும்புவோருக்கு

படிகள் அதேதான். வேறுபாடு இரண்டு. முதலாவது, மருத்துவர் தரும் சான்றிதழில் பொதுவாக "வேலைக்குத் தகுதி" என்ற வரி மட்டுமே இருக்கும். எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை தூக்கலாம், இரவு ஷிப்ட் கூடுமா, இருசக்கர வாகனம் ஓட்டலாமா என்று தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மார்பெலும்பு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகிறது. மேசை வேலைக்காரருக்கும் கிடங்கில் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே "தகுதி" பொருந்தாது.

இரண்டாவது, பணம். இஎஸ்ஐ-யில் நோய்க்காலப் பணம், ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. காசநோய், புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு இது இரண்டு ஆண்டு வரை நீள்கிறது, 80 சதவீதமாக. ஆனால் இது வேலைக்குப் போகாத நாட்களுக்கான பணம். வேலைக்குத் திரும்பிய பிறகு அரை நாள் வேலை செய்துவிட்டு மீதிக்கு இஎஸ்ஐ-யை எதிர்பார்க்க முடியாது. எனவே குறைந்த நேரத்துக்குச் சம்பளம் எப்படி என்பதைச் சேரும் முன்பே நிறுவனத்தோடு பேசி முடிக்க வேண்டும்.

நோயிலிருந்து எழுந்தவருக்கு அளவுகோல் மறுநாள் காலை. நேற்றைய களைப்பு உறங்கி எழுந்த பிறகும் தீராமல் இரண்டு நாள் தொடர்ந்தால், படி உயரமாகிவிட்டது என்று பொருள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மேலாளரிடம் பேசிவிட்டு, பேசியதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

"நான் 22-ஆம் தேதி பணியில் சேர்கிறேன். முதல் ஐந்து வாரங்கள், இணைப்பில் உள்ளபடி அரை நாட்களை என் ஈட்டிய விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் நான் செய்யும் வேலைகளும், மாற்றுப் பணியாளரிடம் இருக்கும் வேலைகளும் அதில் உள்ளன. பாலூட்டும் இடைவேளை நேரங்களையும் குறித்துள்ளேன். ஒவ்வொரு வெள்ளியும் 15 நிமிடம் பேசி, தேவையானால் மாற்றிக்கொள்வோம். ஆறாம் வாரத்திலிருந்து முழு நேரம், முழுப் பொறுப்பு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முடியும் தேதி இல்லாத சலுகை சில மாதங்களில் "அவருக்குப் பெரிய பொறுப்பு வேண்டாம்" என்று மாறிவிடும். சம்பள உயர்விலும் பதவி உயர்விலும் அது தெரியும். ஈட்டிய விடுப்பு இல்லாதவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் பிரிவைப் பயன்படுத்திப் பயண நேரத்தையாவது குறைக்கலாம். அரை நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்றால், எத்தனை வாரம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் நேரத்தைக் குறைக்கச் சம்மதிக்கவே இல்லை என்றாலும் வேலைப் பட்டியலை விடாதீர்கள். முழு நாள் இருந்தபடியே முதல் இரண்டு வாரம் தேதி நெருக்கடி இல்லாத வேலைகள் மட்டும் கிடைத்தால்கூட, மாலை ஆறு மணிக்கு எழுந்து ரயிலைப் பிடிக்க முடியும்.